ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை, எடுத்த ஆக்‌ஷனும் நடப்பதில்லை

நிவேதா_ஓஎம்ஆர் · திங்கள், இரவு 9:40

வணக்கம். நான் லீடாகி எட்டு மாதம் ஆகிறது. என்னையும் சேர்த்து டீமில் எட்டுப் பேர்: ஐந்து டெவலப்பர், இரண்டு டெஸ்டர், நான். இரண்டு வார ஸ்பிரிண்ட். ஸ்பிரிண்ட் முடியும் வெள்ளிக்கிழமை மாலை 4:30க்கு, நடந்ததைத் திரும்பிப் பார்க்க ஒரு மணி நேரம் ரெட்ரோ. மூன்று பேர் ஆபீஸில் இருப்பார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்து.

"இந்த ஸ்பிரிண்ட்ல எது சரியா போகல?" என்று கேட்டால் இருபது நொடி அமைதி. யாராவது ஒருவர் "ஆல் குட்" என்பார். பிறகு நானே போர்டில் மூன்று கட்டம் போட்டு, நானே எழுதி, நானே படித்துக் காட்டுவேன். "எல்லாருக்கும் ஓகேவா?" என்றால் தம்ஸ் அப் வரிசையாக வரும்.

நேற்று உட்கார்ந்து கடைசி ஆறு ரெட்ரோவின் ஆக்‌ஷன்களை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 19. முடிந்தது 4. "கோட் ரிவ்யூவை வேகப்படுத்த வேண்டும்" மட்டும் நான்கு முறை வந்திருக்கிறது, ஒரே வார்த்தைகளில். படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இவர்களைப் பேச வைப்பது எப்படி? பேசி முடிவானதை நடக்க வைப்பது எப்படி? இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

---

ஸ்டிக்கிநோட்_செந்தில் · திங்கள், இரவு 10:05

ரொம்ப சிம்பிள். பெயர் தெரியாமல் எழுதும் போர்டுக்கு மாறுங்கள். அப்புறம் பாருங்கள், கொட்டும். எங்கள் டீமில் முதல் நாளே 31 கார்டு வந்தது. கூடவே கொஞ்சம் விளையாட்டு வைக்கலாம். கப்பல் படம் போட்டு, எது காற்று, எது நங்கூரம் என்று கேளுங்கள். ஒரே மூன்று கட்டத்தையே ஒவ்வொரு முறையும் பார்த்தால் யாருக்குத்தான் பேச வரும்?

---

பழையசோறு · திங்கள், இரவு 10:31

நிவேதா, வழி சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. அந்த 4 ஆக்‌ஷனையும் முடித்தது யார்? ரெட்ரோவில் அந்த எட்டுப் பேரைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா? முடிவான ஆக்‌ஷனை எங்கே எழுதி வைக்கிறீர்கள்?

செந்தில் தம்பி, 31 கார்டு வந்தது சரி. அதில் எத்தனை நடந்தது?

---

நிவேதா_ஓஎம்ஆர் · திங்கள், இரவு 10:48

நாலையும் முடித்தது நான்தான் அக்கா. எழுதும்போதுதான் உறைக்கிறது.

டெலிவரி மேனேஜர் வருவார். கேமராவை அணைத்துவிட்டு "நான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க பேசுங்க" என்பார். நல்ல மனிதர்தான், குறுக்கே பேச மாட்டார்.

ஆக்‌ஷன்களை மீட்டிங் நோட்ஸ் பக்கத்தில் எழுதுவோம். அந்தப் பக்கத்தை அடுத்த ரெட்ரோ அன்று நான் மட்டும் திறப்பேன்.

---

கேமராஆஃப் · திங்கள், இரவு 11:57

நான் உங்கள் டீமில் இல்லை. ஆனால் எங்கள் டீமில் பேசாத ஆள் நான்தான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலையில் ஒரு ரெட்ரோவில் வாயைத் திறந்தேன். "ஸ்டேஜிங்கில் டெஸ்ட் டேட்டா பழசு, ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது" என்றேன். "சூப்பர் பாயிண்ட், நீயே எடுத்து பண்ணிடு" என்றார் லீட். என் தலையில் ஏற்கெனவே ஐந்து டிக்கெட். டேட்டா ஸ்கிரிப்டை இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அதற்குள் ஒரு டிக்கெட் தள்ளிப்போனது. அப்ரைசலில் அந்த டிக்கெட் மட்டும்தான் பேச்சில் வந்தது, ஸ்கிரிப்ட் வரவில்லை.

அன்றோடு சரி. "ஆல் குட்" என்று சொன்னால் 4:50க்குக் கிளம்பிவிடலாம். எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். சொன்னவன் தலையில் வேலை விழும் என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மேனேஜர் "சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறாரே, அப்ரைசல் போடுபவர் சும்மா கேட்பது என்று ஒன்று கிடையாது.

---

தேன்மிட்டாய் · செவ்வாய், காலை 7:20

எங்கள் டீமில் நேர் எதிர். ஒருவர் ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் அவர்தான். அவரை எப்படி நிறுத்துவது என்று யாராவது சொல்லுங்களேன்.

---

பழையசோறு · செவ்வாய், காலை 8:15

தேன்மிட்டாய், உங்கள் ஆளுக்கும் கீழே சொல்லப்போவதில் பாதி பொருந்தும். எழுதும்போது யாரும் நீட்டி முழக்க முடியாது.

நிவேதா, கேமராஆஃப் எழுதியதை இரண்டு முறை படியுங்கள். நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகிறது. பேசினால் வேலை ஏறும், அந்த வேலைக்கு நேரம் கிடைக்காது, அதனால் பேசுவதில்லை. பேசாததால் நீங்களே ஆக்‌ஷன் எழுதுகிறீர்கள். உங்கள் ஆக்‌ஷன் என்பதால் அவர்கள் தொடுவதில்லை. தம்ஸ் அப் போட்டது உங்களிடமிருந்து விடுபட்டுப் போகத்தான். அதை ஒப்புதல் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அதனால் நான் பேச்சிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன், மறுமுனையிலிருந்து ஆரம்பிப்பேன். ரெட்ரோவில் சொன்ன ஒரு விஷயம் நிஜமாகவே மாறியது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த முறை அவர்களே கொஞ்சம் சொல்வார்கள்.

"கோட் ரிவ்யூவை வேகப்படுத்த வேண்டும்" என்பதை எடுத்துக்கொள்வோம். நம் மொழியில் "வேண்டும்" என்று முடித்துவிட்டால் யார் என்று சொல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடும். அதுதான் ஆபத்து. எங்கள் டீமில் ஆக்‌ஷனை "வேண்டும்" என்று முடிக்க விடமாட்டேன். "செய்கிறேன்", "செய்கிறோம்" என்றுதான் முடிய வேண்டும். (இதோ நானே "வேண்டும்" போட்டுவிட்டேன், சரி விடுங்கள்.) அப்படி எழுத உட்கார்ந்தாலே யார், எந்தக் கிழமை, எந்த டிக்கெட் என்று தானாக வந்து விழும். வரவில்லை என்றால் அது இன்னும் ஆக்‌ஷன் ஆகவில்லை, ஆசையாக இருக்கிறது.

ஒரு ரெட்ரோவுக்கு ஒரே ஒரு ஆக்‌ஷன். ஆறு ரெட்ரோவுக்கு 19 என்றால் சராசரி மூன்றுக்கு மேல். ஒன்றைக்கூட முடிக்காத டீமுக்கு மூன்று எதற்கு? அந்த ஒன்றும் நோட்ஸ் பக்கத்தில் கிடக்கக் கூடாது. மற்ற வேலை இருக்கும் அதே போர்டில் டிக்கெட்டாக, மணிக் கணக்கோடு நிற்கட்டும். அந்த மணி நேரத்தை அடுத்த ஸ்பிரிண்ட் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் மற்ற வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் அந்த டிக்கெட் சனிக்கிழமை வேலைதான். கேமராஆஃப்பின் ஸ்கிரிப்ட் போல.

இன்னொன்று. பிரச்சினையைச் சொன்னவர் மேல் ஆக்‌ஷனைக் கட்டாதீர்கள். "இதை யார் எடுத்துக்கொள்வது?" என்பது தனிக் கேள்வி, பத்து நிமிடம் கழித்துக் கேட்க வேண்டியது. யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த ஆக்‌ஷனைக் கைவிடுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுதான் லீடுக்குக் கஷ்டமான இடம்.

---

ஸ்டிக்கிநோட்_செந்தில் · செவ்வாய், காலை 9:02

இது ரூலே, அக்கா. ஸ்க்ரம் கைடில் குறைந்தது ஒரு மேம்பாட்டை ஸ்பிரிண்ட் பேக்லாகில் சேர்த்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. மேனேஜர் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

---

பழையசோறு · செவ்வாய், காலை 9:20

இருந்தது. 2017 பதிப்பில் அப்படித்தான் இருந்தது. 2020 பதிப்பில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது சேர்க்கலாம் என்ற அளவில்தான் இருக்கிறது. நான் இன்னமும் பழைய வரியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மேனேஜரிடம் ரூல் என்று நீட்டினால் அவர் புதுப் பதிப்பைத் திறந்து காட்டிவிடுவார்.

பெயர் தெரியாத போர்டு பற்றி: பாதி சரி. முதல் இரண்டு முறை வாய் திறக்க உதவும். அப்புறம் இடிக்கும். "ரிவ்யூவில் பாரபட்சம் இருக்கிறது" என்று ஒரு கார்டு வந்தால் யாரிடம் போய் "எந்த டிக்கெட்டில்?" என்று கேட்பது? கேட்க முடியாத கார்டை ஆக்‌ஷனாக்க முடியாது. எட்டுப் பேர் டீமில் பெயரை மறைத்தாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும். "கைண்ட்லி டு தி நீட்ஃபுல்" என்று எழுதுபவர் எங்கள் டீமில் ஒருவர்தான்.

கப்பல் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களிடம் ஒரு முறை நன்றாகப் போனது. இரண்டாம் முறை எல்லாரும் நங்கூரத்தைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருந்தோம்.

---

ரிங்ஃபிரேம் · செவ்வாய், மதியம் 1:35

நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை. ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ரெட்ரோ என்றதும் பழைய மெஷினை மாற்றுவது பற்றியோ என்று உள்ளே வந்தேன். படித்ததும்தான் புரிந்தது. ஆனால் இதே கதை எங்களிடமும் உண்டு.

மாதம் ஒரு முறை மாடியில் ஏசி ரூமில் மீட்டிங். ஒரு ஃபிரேமில் நூல் அறுப்பு அதிகமாக இருந்தது. "ஏன்?" என்று கேட்டால் யாரும் பேசவில்லை. மீட்டிங் முடிந்து கீழே வந்து அதே ஃபிரேம் பக்கத்தில் நின்று, "இங்கே எந்தப் பக்கம் அதிகம் அறுகிறது?" என்று கேட்டேன். அந்த அக்கா வாயே திறக்காமல் கையை நீட்டினார். நூல் ஓடும் சின்ன வளையம், டிராவலர் என்போம், தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது. அந்த அக்காவுக்கு ஒரு வாரமாகத் தெரியும்.

மாடியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அங்க கேட்டது ஏன்னு. எனக்கு எங்கன்னுதான் தெரியும்" என்றார்.

உங்களுக்குப் பயன்படுமா தெரியவில்லை.

---

பழையசோறு · செவ்வாய், மதியம் 2:10

பயன்படுமாவா! நான் நேற்றிலிருந்து சொல்லத் தடுமாறியது இதுதான் அண்ணா.

நிவேதா, "எது சரியாகப் போகவில்லை?" என்பது மாடிக் கேள்வி. காலிக் கட்டத்தைக் காட்டாமல், முடிந்த ஸ்பிரிண்டின் டிக்கெட் போர்டைத் திரையில் போடுங்கள். "இந்த இரண்டு வாரத்தில் எந்த டிக்கெட்டில் அதிக நேரம் காத்திருந்தீர்கள்? யாருக்காக, எதற்காக?" என்று கேளுங்கள். ஏழு நிமிடம் யாரும் பேச வேண்டாம், நீங்களும்தான். ஆளுக்கு ஒரு தாளில் எழுதட்டும். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஐந்து நிமிடம். ஜோடிகளை நீங்களே போடுங்கள். இரண்டு டெஸ்டரையும் சேர்த்துப் போடாதீர்கள், சீனியரை அவருக்குக் கீழே இருப்பவரோடு போடாதீர்கள். பிறகு ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு விஷயம் சொல்லட்டும். "நாங்க பேசினப்போ இது வந்துச்சு" என்று ஆரம்பிப்பது "எனக்குத் தோணுது" என்பதைவிட எவ்வளவோ லேசு. பேசாத ஆளுக்கு அந்த "நாங்க" ஒரு குடை மாதிரி.

நீங்கள் எட்டாவது ஆள் என்பதால் ஜோடிக் கணக்கு சரியாக வரும். ஆனால் உட்காராதீர்கள். ஒரு குழு மூன்று பேராக இருக்கட்டும், நீங்கள் கடிகாரம் பாருங்கள்.

கையில் கொஞ்சம் எண்ணும் இருந்தால் நல்லது. கிட்ஹப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் இதை ஓட்டுங்கள். ஒவ்வொரு பிஆரும் எப்போது திறந்தது, முதல் ரிவ்யூ எப்போது வந்தது என்று காட்டும்:

```
gh pr list --state merged --limit 30 \
  --json number,createdAt,reviews \
  --jq '.[] | [.number, .createdAt, (.reviews[0].submittedAt // "-")] | @tsv'
```

ஒரு எச்சரிக்கை. நேரம் யூடிசியில் வரும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டிராஃப்டாகத் திறந்துவைத்த பிஆர் என்றால் காத்திருப்பு பொய்யாக நீளும். இடையில் சனி, ஞாயிறு வந்தாலும் அப்படியே. அதனால் எண்ணைத் தீர்ப்பாகக் காட்டாதீர்கள். நீளமாக நிற்கும் நான்கைந்து பிஆரைத் தேர்ந்து, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்கத்தான் அது. யார் பெயரையும் திரையில் போடாதீர்கள்.

---

புதுவை_பிரபு · செவ்வாய், மாலை 6:44

நான் அந்த "சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்" மேனேஜர்களில் ஒருவன். எல்லாரும் எங்களை வெளியே அனுப்பியே தீர்ப்பீர்கள் போலிருக்கிறது. ஒன்று யோசியுங்கள். டீமுக்கு வெளியே இருக்கும் தடையை யார் நீக்குவது? லைசென்ஸ் வாங்க வேண்டும், கிளையண்டிடம் தேதி பேச வேண்டும் என்றால் நான்தானே போக வேண்டும்? நான் இல்லாத அறையில் எடுத்த முடிவுக்கு எப்படி நேரம் ஒதுக்கித் தருவது?

---

கேமராஆஃப் · செவ்வாய், இரவு 11:30

பிரபு சார், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் வாருங்கள். "இந்த ஆக்‌ஷனுக்கு எட்டு மணி நேரம் தேவை, ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்போம். அது உங்கள் வேலை. அதற்கு முந்தைய ஐம்பது நிமிடம் எங்கள் வேலை.

---

புதுவை_பிரபு · புதன், காலை 8:05

பத்து நிமிடத்தில் பின்னணியே தெரியாமல் தலையாட்டுவதைவிட முழுதாக உட்காருவது மேல் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எட்டு மணி நேரத்தை நேராகக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ப்ராசஸ் இம்ப்ரூவ்மெண்ட்" என்றுதான் கேட்பார்கள்.

---

நிவேதா_ஓஎம்ஆர் · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:15

அப்டேட் கொடுக்கிறேன். மூன்று ரெட்ரோ நடந்துவிட்டது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேனேஜரிடம் தனியாகப் பேசினேன். கேமராஆஃப் சொன்னபடி கடைசிப் பத்து நிமிடம் மட்டும் வரச் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் "மூன்று முறை பார்க்கலாம்" என்றார். ரெட்ரோவை வெள்ளி மாலையிலிருந்து வியாழன் காலை 11 மணிக்கு மாற்றினேன். வெள்ளி 4:30க்கு எல்லாருடைய மனதும் பஸ் ஏறியிருக்கும்.

முதல் ரெட்ரோவுக்கு முன்னால் அந்தக் கமாண்டை ஓட்டினேன். அந்த ஸ்பிரிண்டில் மெர்ஜ் ஆன பிஆர் 23. அதில் 18க்கு அன்றோ மறுநாளோ ரிவ்யூ வந்துவிட்டது. மற்ற 5 மூன்று நாளுக்கு மேல் நின்றிருக்கிறது. நான் நான்கு முறை "கோட் ரிவ்யூவை வேகப்படுத்த வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன், ஆனால் ரிவ்யூ பொதுவாக மெதுவாகவே இல்லை!

அந்த 5 பிஆரையும் பெயர் இல்லாமல் திரையில் போட்டு, எழுதச் சொன்னேன். ஏழு நிமிடம் பேசாமல் இருப்பது எனக்குத்தான் வேதனையாக இருந்தது. நாலாவது நிமிடத்தில் மைக்கை ஆன் பண்ணி, மறுபடி ஆஃப் பண்ணினேன். ஜோடியாகப் பேசி முடித்ததும் ஒரு டெஸ்டர், இதுவரை "ஆல் குட்" மட்டுமே சொன்னவர், "நாங்க பார்த்தோம், அஞ்சுமே பேமெண்ட் மாட்யூல்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மற்ற இரண்டு குழுவும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். பேமெண்ட் கோடைத் தெரிந்தவர் எங்கள் டீமில் ஒரே ஒரு சீனியர். மற்றவர்கள் அதில் ரிவ்யூ போடப் பயப்படுகிறார்கள். அவர் லீவில் போனால் பிஆர் நின்றுவிடும். டெஸ்டிங்குக்குக் கடைசி நாள்தான் வரும். அந்த டெஸ்டர் இதைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆக்‌ஷன் எழுத உட்கார்ந்தோம். "பேமெண்ட் நாலெட்ஜ் ஷேர் பண்ண வேண்டும்" என்றுதான் முதலில் வந்தது. பழைய பழக்கம். அக்கா சொன்னபடி "செய்கிறோம்" என்று முடிக்க முயன்றதும் இப்படி ஆனது: "அடுத்த ஸ்பிரிண்டில் வரும் பேமெண்ட் பிஆர் நான்கை நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டாக, சீனியர் பக்கத்தில் உட்கார, ரிவ்யூ செய்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம்." யார் என்று கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். பதினைந்து நொடி இருக்கும். இரண்டு பேர் சாட்டில் "நான்" என்று போட்டார்கள்.

டிக்கெட்டுக்கு நான்கு மணி நேரம் போட்டேன். சீனியர்தான், "என் நாலு மணி நேரம் யார் கணக்கு?" என்று கேட்டார். ஒரு உட்காரலுக்கு இரண்டு பேர், ஆக எட்டு மணி. ஒரு ஆளின் ஒரு நாள். மேனேஜர் வந்ததும் அதைத்தான் கேட்டேன். சின்ன டிக்கெட் ஒன்றை வெளியே எடுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆனால் அந்த ஸ்பிரிண்டில் அது நடக்கவில்லை. புதன்கிழமை புரொடக்‌ஷனில் பிரச்சினை, எல்லாரும் அதில் இறங்கிவிட்டோம். நான்கில் ஒரே ஒரு உட்காரல்தான் நடந்தது. மோசம் என்னவென்றால் ஒன்பது ஸ்டாண்டப்பில் ஒருவரும் அந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான். போர்டில் அது கடைசி வரிசையில் கிடந்தது, ஸ்க்ரோல் பண்ணினால்தான் தெரியும்.

இரண்டாவது ரெட்ரோவில் முதல் பத்து நிமிடம் இதுதான். ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லை, எங்கே நின்றது என்று கேட்டேன் (ரிங்ஃபிரேம் அண்ணாவுக்கு நன்றி). புது ஆக்‌ஷன் எடுக்கவில்லை. அதையே தொடர்ந்தோம், இரண்டு மாற்றத்தோடு. டிக்கெட்டைப் போர்டின் முதல் வரிசைக்கு ஏற்றினோம். ஸ்பிரிண்டின் நடுவில் வரும் வியாழன் ஸ்டாண்டப்பில் முதல் கேள்வி அதுதான் என்று வைத்தோம். பழைய 15 ஆக்‌ஷனையும் எல்லார் முன்னாலும் மூடிவிட்டேன். ஒருவர் கைதட்டும் எமோஜி போட்டார்.

இந்த முறை மீதி மூன்றும் நடந்தது. கடைசி ஸ்பிரிண்டில் நான்கு பேமெண்ட் பிஆர் வந்தன. அதிகம் காத்திருந்தது ஒன்றரை நாள். நான்கே நான்கை வைத்து மார்தட்ட முடியாது, தெரியும். ஆனால் டெஸ்டருக்கு இந்த முறை திங்கள்கிழமையே வேலை கைக்கு வந்தது.

---

பழையசோறு · ஞாயிறு, மாலை 6:02

நிவேதா, இரண்டாவது ரெட்ரோவில் புது ஆக்‌ஷன் எடுக்காமல் விட்டீர்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. பலர் அங்கேதான் கோட்டை விடுவார்கள். பழையது நடக்கவில்லை என்றதும் அதன் மேல் இன்னொன்றை ஏற்றிவிடுவார்கள்.

ஒன்று கவனியுங்கள். சீனியர் எப்படி இருக்கிறார்? ஒரு மாட்யூல் ஒருவர் கையில் இருப்பது சில சமயம் அவருக்குப் பாதுகாப்பு. அதைப் பிரித்துக் கொடுக்கும்போது வெளியே சிரித்தாலும் உள்ளே வேறு இருக்கலாம்.

---

ஸ்டிக்கிநோட்_செந்தில் · ஞாயிறு, மாலை 6:30

அக்கா கேட்டாரே, 31 கார்டில் எத்தனை நடந்தது என்று. போய்ப் பார்த்தேன். இரண்டு. அதில் ஒன்று புது காபி மெஷின்.

ஆக்‌ஷன் டிக்கெட்டுக்கெல்லாம் ஒரு லேபிள் வைத்துவிட்டேன். ஜிராவில் இது எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்று பார்க்க:

```
labels = retro-action AND statusCategory != Done ORDER BY created ASC
```

---

தேன்மிட்டாய் · ஞாயிறு, இரவு 8:11

எங்கள் ஆளிடம் எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

---

நிவேதா_ஓஎம்ஆர் · ஞாயிறு, இரவு 9:20

தேன்மிட்டாய் 😂 ஒரு கார்டு, ஒரு வரி என்று அளவு வையுங்கள்.

அக்கா, நீங்கள் கேட்டதுதான் எனக்கும் உறுத்துகிறது. சீனியர் மூன்றாவது ரெட்ரோவில் தாளில் ஒன்றுமே எழுதவில்லை. முன்பு கொஞ்சமாவது பேசுவார். ஜோடியில் என்ன சொன்னார் என்று அந்த ஜோடிக்காரரிடம் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவரோடு டீ குடிக்கப் போகிறேன்.

இன்னொன்று, மேனேஜர் சொன்ன மூன்று முறை முடிந்துவிட்டது. "இப்போ எல்லாரும் நல்லா பேசுறாங்களே, நான் முழுசா வரலாமா?" என்று நேற்று மெசேஜ். இன்னும் பதில் போடவில்லை.

---

புதுவை_பிரபு · ஞாயிறு, இரவு 9:48

டீமிடமே கேளுங்கள். ஆனால் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

---

கேமராஆஃப் · ஞாயிறு, இரவு 11:52

சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மேனேஜரை வைத்துக்கொண்டு சீட்டைப் பிரிக்காதீர்கள்.